அடுத்தவர் வலி நமக்கு எப்படித் தெரியும்?

ஒருவர் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஈறு வீங்கியிருக்கிறது, முகம் சுளிக்கிறது, முனகுகிறார். நம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவது அவ்வளவுதான். வலி எட்டுவதில்லை. இருந்தும் அவருக்கு வலிக்கிறது என்பதில் நமக்குத் துளி ஐயம் வருவதில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் சட்டென்று வரும் பதில், ‘எனக்கும் பல்வலி வந்திருக்கிறது, அப்போது நானும் இப்படித்தான் இருந்தேன்’ என்பதே.

இந்தப் பதிலுக்கு ஒழுங்கான வாத வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜான் ஸ்டூவர்ட் மில். வில்லியம் ஹாமில்டனின் தத்துவத்தை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1865இல் வெளிவந்தது. அதில் அவர் சொல்வது இது: என் விஷயத்தில் மூன்று கண்ணிகள் கொண்ட ஒரு தொடரை நான் அறிவேன். முதலில் உடலில் ஒரு மாற்றம் நிகழ்கிறது, அதனால் ஓர் உணர்வு எழுகிறது, அந்த உணர்வால் வெளியே ஒரு செயல் வருகிறது. அடுத்தவரிடம் முதல் கண்ணியையும் மூன்றாவதையும் மட்டுமே பார்க்கிறேன். என் தொடரில் நடுக்கண்ணி இல்லாமல் மூன்றாவது வந்ததில்லை. ஆகவே அவரிடமும் நடுவில் உணர்வு இருக்க வேண்டும்.

கேட்பதற்கு இது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன் குறையை மில்லுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஓர் இந்தியர் பிரித்துக் காட்டிவிட்டார். 7ஆம் நூற்றாண்டு பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி, ‘பிற மனத்தொடர்களை நிறுவுதல்’ என்று பொருள்படும் ‘சந்தானாந்தரசித்தி’ என்ற நூலில் ஏறக்குறைய இதே வாதத்தை வைத்தார். என் பேச்சுக்கும் நடமாட்டத்துக்கும் முன்னால் என் எண்ணம் இருப்பதைக் காண்கிறேன். என் எண்ணத்தால் வராத பேச்சும் நடமாட்டமும் எதிரே தெரிந்தால், அவற்றுக்கு முன்னால் இன்னொரு எண்ணம் இருந்தாக வேண்டும் என்றார். 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரத்னகீர்த்தியும் பௌத்தர்தான், ஆனாலும் இந்த வாதத்தை மறுத்து ‘சந்தானாந்தரதூஷணம்’ எழுதினார்.

அவருடைய மறுப்பு நம் தர்க்க மரபின் பழைய எடுத்துக்காட்டை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே தீ இருக்கிறது என்கிறோம். இதைச் சொல்லும் உரிமை நமக்கு அடுப்படியில் கிடைத்தது. தீ மூட்டினால் புகை வருவதையும், தீ இல்லாதபோது வராததையும் பல அடுப்புகளில், பல நாள் பார்த்திருக்கிறோம். ஐயம் என்றால் மலையேறிப் போயும் பார்க்கலாம். அடுத்தவர் மனத்தில் இரண்டு வசதியும் இல்லை. பல அடுப்புகளைப் பார்த்து வந்த விதி அல்ல இது. வாழ்நாள் முழுக்க ஒரே அடுப்பை, அதாவது என்னை மட்டும் பார்த்து வந்தது. மலையேறவும் வழி கிடையாது. பிறர் மனமும் பிறர் செயலும் சேர்ந்திருப்பதை ஒருமுறைகூடக் காணாமல், அவை எப்போதும் சேர்ந்தே இருக்கும் என்ற வியாப்தியை நிறுவ முடியாது என்பதே ரத்னகீர்த்தியின் வாதம்.

ரத்னகீர்த்தி இதிலிருந்து, இறுதி உண்மையின் நோக்கில் பிற மனத்தொடர்களே இல்லை என்ற முடிவுக்குப் போனார். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஒரு வாதம் தோற்பதால் அது நிறுவ வந்த பொருள் இல்லாமல் போய்விடாது. ஆனால் வாதம் தோற்றது என்பது மெய். எனக்கு அது வெறும் தர்க்க நுணுக்கமாகவும் படவில்லை. ஏனென்றால், தன்னை வைத்துப் பிறரை அளந்தவர்கள் நடைமுறையிலேயே தவறிய வரலாறு இருக்கிறது.

பிரான்சிஸ் கால்டன் 1880இல் ‘மைண்ட்’ இதழில் ஒரு கருத்தாய்வை வெளியிட்டார். அன்று காலை உணவு உண்ட மேசையை நினைத்துப் பாருங்கள், அந்தக் காட்சி மனத்தில் எவ்வளவு வெளிச்சமாக, தெளிவாக, என்ன நிறத்தில் தெரிகிறது என்று பலரிடம் கேட்டார். முதலில் கேட்டது அறிவியலாளர்களை. அவர்களில் பலர் கேள்வியே புரியவில்லை என்றார்கள். மனத்தில் காட்சி தெரிவது என்பது பேச்சு அழகுக்காகச் சொல்வது என்றுதான் அவர்கள் அதுவரை எண்ணியிருந்தார்கள். வேறு மனிதர்களிடம் கேட்டபோது, எதிரே இருப்பதுபோலவே தெரிகிறது என்றவர்கள் நிறையப் பேர். அறிவியலாளர்களிடம்தான் இந்தக் குறை அதிகம் என்று கால்டன் கருதியதைப் பிற்கால ஆய்வு ஏற்கவில்லை. ஆனால் மனக்காட்சியே இல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்பது நிலைத்துவிட்டது. நரம்பியல் மருத்துவர் ஆடம் ஜீமனும் அவருடைய சகாக்களும் 2015இல் அந்த நிலைக்கு ‘அஃபான்டேசியா’ என்று பெயரிட்டார்கள்.

இதை மில்லின் தொடரில் பொருத்திப் பாருங்கள். இரண்டு பேரிடம் ‘உங்கள் பழைய வீடு எப்படி இருக்கும்?’ என்று கேட்கிறோம். இருவரும் திண்ணை, முற்றம், கிணறு என்று வரிசையாகச் சொல்கிறார்கள். கேள்வி ஒன்று, பதில் ஒன்று. ஒருவருக்கு நடுவில் ஒரு படம் ஓடுகிறது. மற்றவருக்குப் படமே இல்லை, வீட்டைப் பற்றிய செய்திகள் மட்டும் நினைவில் இருக்கின்றன. இருவரும் தம்மை வைத்தே மற்றவரை ஊகிக்கிறார்கள், இருவரும் தவறுகிறார்கள். பல வயதுவரை இந்தத் தவறு வெளியே தெரியாமலே போகும். முதல் கண்ணியும் மூன்றாவதும் ஒத்திருந்தால் நடுக்கண்ணியும் ஒத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இந்தத் தவறு திருந்தியது, ஒருவர் கேட்டார், மற்றவர்கள் சொன்னார்கள் என்பதால். அவர்கள் சொன்னதை நம்பும்போதே அவர்களுக்கு மனம் உண்டு என்பதை நாம் ஏற்றுக்கொண்டாகிவிட்டது. அந்த ஏற்பு ஒப்புமை வாதத்தின் முடிவாக வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கைக்குழந்தை தாயின் முகம் பார்த்துச் சிரிப்பது எந்த வாதத்தின் முடிவும் அல்ல.

பேச முடியாதவர்களிடம் வரும்போது ஒப்புமையின் பலவீனம் ஆபத்தாக மாறுகிறது. 1980கள் வரை மேலைநாட்டு மருத்துவமனைகளில் பச்சிளங் குழந்தைகளுக்குப் போதிய வலிநீக்கம் இல்லாமலே அறுவை சிகிச்சை செய்வது வழக்கத்தில் இருந்தது. வலிநீக்க மருந்து அந்தச் சிற்றுடலுக்கு ஆபத்தாகலாம் என்ற அச்சம் ஒரு காரணம். குழந்தையின் நரம்பு மண்டலம் முதிரவில்லை, நம்மைப்போல் அதற்கு வலிக்காது என்ற எண்ணம் இன்னொன்று. இதுவும் ஒப்புமைதான், தலைகீழாக. அலறலைப் பார்த்தால் குழந்தை நம்மைப் போன்றது. மூளையைப் பார்த்தால் நம்மைப் போன்றதல்ல. எந்த ஒற்றுமையை எண்ணிக்கையில் சேர்ப்பது என்று மில்லின் வாதம் சொல்வதில்லை.

ஆக்ஸ்போர்டில் கே. ஜே. எஸ். ஆனந்தும் சகாக்களும் செய்து 1987இல் ‘லான்செட்’ வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் போனது. இதயத்தருகே மூடாமல் இருந்த ஒரு நாளத்தைக் கட்டும் அறுவை சிகிச்சைக்கு வந்த குறைமாதக் குழந்தைகள் அதில் இருந்தார்கள். எல்லாருக்கும் நைட்ரஸ் ஆக்சைடும், தசைகளை அசையாமல் செய்யும் மருந்தும் கொடுக்கப்பட்டன. பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக ஃபென்டனில் என்ற வலிநீக்கி. தசை செயலிழந்த குழந்தை அழவும் முடியாது, முகம் சுளிக்கவும் முடியாது. மில் நம்பிய மூன்றாவது கண்ணியே அங்கே கிடையாது. ஆய்வாளர்கள் இரத்தத்தில் அழுத்த ஹார்மோன்களை அளந்தார்கள். ஃபென்டனில் பெறாத குழந்தைகளிடம் அவை மிக அதிகமாக உயர்ந்தன. அறுவைக்குப் பின் இரத்த ஓட்டக் கோளாறுகளும் வளர்சிதை மாற்றக் கோளாறுகளும் அவர்களிடமே வந்தன.

ஹார்மோன் உயர்வதாலேயே வலி உணரப்பட்டது என்று ஆகிவிடாது. உணர்விழந்த உடலிலும் அது உயரலாம். ஆனால் கேள்வி இங்கே மாறிவிட்டது. குழந்தை என்னைப் போன்றதா என்று யாரும் கேட்கவில்லை. வலிநீக்கி கொடுத்தால் என்ன மாறுகிறது, அந்த மாற்றத்தை எது நன்றாக விளக்குகிறது என்று கேட்டார்கள். அதே 1987இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், பச்சிளங் குழந்தைகளுக்கும் அறுவை சிகிச்சையில் மயக்க மருந்து தர வேண்டும் என்று அறிவித்தது.