மேரில்போன் சாலையில் ஒரு ஓசோன் மூலக்கூறின் ஆயுள்

லண்டன் மேரில்போன் சாலையில், மேடம் துசோ மெழுகுச்சிலைக் கூடத்துக்கு எதிரே ஒரு காற்றுத் தர நிலையம் 1997 முதல் இயங்குகிறது. வண்டிகள் ஓயாத அந்தச் சாலையோரத்தில், நகரப் பூங்காக்களில் இருப்பதைவிட ஓசோன் குறைவு. வண்டிப் புகையில் வரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தாக்கி, நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறுவதே காரணம். எவ்வளவு விரைவாகத் தாக்குகிறது என்பதை நாமே கணக்கிடலாம்.

காற்றில் நூறு கோடி மூலக்கூறுகளுக்கு 50 நைட்ரிக் ஆக்சைடு என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலை 25 டிகிரி. இரு மூலக்கூறுகளும் ஒன்றையொன்று நோக்கி நொடிக்குச் சுமார் 585 மீட்டர் சராசரி வேகத்தில் விரைகின்றன. அவற்றின் பருமனையும் சேர்த்துப் பார்த்தால், ஓர் ஓசோன் மூலக்கூறு நொடிக்கு ஏறத்தாழ 316 முறை நைட்ரிக் ஆக்சைடோடு மோதும். ஒவ்வொரு மோதலும் வினையானால், ஓசோன் சுமார் மூன்று மில்லிநொடியில் மறைந்துவிடும்.

ஆனால் வினை நடக்க ஒரு தடையைத் தாண்ட வேண்டும். இந்த வினையின் கிளர்வு ஆற்றல் மோலுக்கு 11.6 கிலோஜூல் அளவில் உள்ளது. அதைத் தாண்டும் ஆற்றலுள்ள மோதல்களின் பங்கைத் தருவது இந்தக் கோவை:

e^(−Ea/RT) = e^(−11600/(8.314 × 298)) ≈ 0.009

அதாவது ஆயிரம் மோதல்களில் ஒன்பது. இதன்படி ஆயுள் மூன்றில் ஒரு நொடி. ஆய்வகத்தில் அளந்த வேகமோ இதைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு; அதன்படி ஆயுள் சுமார் 43 நொடி.

ஆற்றல் மட்டும் போதாது, முகமும் பொருந்த வேண்டும் என்பதையே இந்த இடைவெளி காட்டுகிறது. ஓசோன் வளைந்த மூலக்கூறு. அதன் ஓரத்து ஆக்சிஜன் ஒன்றை நைட்ரிக் ஆக்சைடின் நைட்ரஜன் முனை தொட வேண்டும். ஆக்சிஜன் முனையால் இடித்தாலோ, ஓசோனின் நடு அணுவில் மோதினாலோ இரண்டும் விலகிப் போய்விடும். அளந்த வேகத்தைக் கணக்கிட்ட வேகத்தால் வகுத்தால் 0.008 வருகிறது. இதுவே திசையமைப்புக் காரணி. இரண்டு வடிகட்டிகளையும் சேர்த்தால், 13,000 மோதல்களுக்கு மேல் நிகழ்ந்தால்தான் ஒன்று பலிக்கிறது.

இந்த மோதல் கோட்பாட்டின் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. 0.008 என்ற எண்ணை அது முன்கூட்டிச் சொல்லவில்லை. அளந்த விடையிலிருந்து பின்னோக்கி எடுத்தோம். மூலக்கூறுகளை வெறும் உருண்டைகளாகக் கருதியதால் வந்த பிழைகளும் அதற்குள் ஒளிந்திருக்கலாம்.

ஆற்றல் பகுதி அப்படியல்ல, சோதித்துப் பார்க்க முடியும். குளிர்காலத்தில் வெப்பநிலை 5 டிகிரிக்கு இறங்கினால் மூலக்கூறுகளின் வேகம் மூன்று சதவீதம்தான் குறையும். தடையைத் தாண்டும் பங்கோ 0.009-இலிருந்து 0.0066-க்குச் சரியும். வினை மந்தமாவதற்கு இதுவே பெருங்காரணம்.

43 நொடிக்குள், நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசும் இளங்காற்றுகூட அந்த ஓசோனை 43 மீட்டர் நகர்த்திவிடும். சாலையோரத்தில் ஓசோன் குறைந்தும், அடியோடு இல்லாமல் போகாமலும் இருப்பதில் இந்த மந்தத்துக்குப் பங்குண்டு. மேலிருந்து இறங்கிக் கலக்கும் புதுக் காற்று ஓசோனைத் தொடர்ந்து கொண்டுவந்து சேர்க்கிறது.