மூட்டையில் வாங்கி, கிராமில் விற்கும் கடைக்கு எந்த ஆப்?

மளிகைக் கடைக்கு பில்லிங் ஆப் தேடுபவர்கள் விலையையும் பில்லின் அழகையும்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது சர்க்கரை மூட்டையை.

இலவசச் சோதனைக் காலத்தில் 50 கிலோ சர்க்கரையை ‘1 மூட்டை’ என்று கொள்முதலில் பதியுங்கள். பிறகு 250 கிராமுக்கு ஒரு பில் போடுங்கள். இருப்பு 49.750 கிலோ என்று காட்ட வேண்டும். மூட்டையைக் கிலோவாக மாற்றத் தெரியாத ஆப், சில நாட்களில் இருப்பை மைனஸில் காட்டும். அது சில்லறை எடைக்கு உதவாது. அடுத்து, போனில் இணையத்தை அணைத்துவிட்டு இன்னொரு பில் போட்டுப் பாருங்கள். மாலைக் கூட்ட நேரத்தில் நெட் போனாலும் வியாபாரம் நிற்கக் கூடாதல்லவா?

மாறும்போது பழைய கடன் நோட்டு முழுவதையும் தட்டச்சு செய்ய வேண்டாம். மாதத்தின் முதல் தேதியில் ஒவ்வொருவரின் நிலுவையை மட்டும் தொடக்க இருப்பாக ஏற்றுங்கள். நோட்டில் 1,840 ரூபாய் பாக்கி என்றால் அந்த ஒரு தொகை போதும். ஆனால் வாடிக்கையாளரிடம் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பிறகே ஏற்றுங்கள். பின்னால் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் முளைக்கின்றன.

எடை போடும்போது சிந்துவதை ஆப் அறியாது. மாதம் ஒருமுறை மூட்டையை நிறுத்து, இருப்பைத் திருத்துங்கள். முதல் மாதம் முழுக்க நோட்டிலும் எழுதி வாருங்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போகும்வரை நோட்டை மூட வேண்டாம்.