வாடகையைக் குறைத்தவர் பழைய பாக்கியைக் கேட்கலாமா?

லண்டனில் ஒரு ரொட்டிக் கடை. இடத்துக்கு மாத வாடகை 4,000 பவுண்டு, பத்து வருட குத்தகை. கடை முன்னால் குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். வியாபாரம் பாதியாகப் படுத்துவிட்டது. குத்தகையில் இடையிலேயே முறித்துக்கொண்டு வெளியேற ஒரு வழி இருக்கிறது. கடைக்காரப் பெண் அதைப் பயன்படுத்தலாமா என்று யோசிக்கிறார். அந்த நேரத்தில் கட்டட உரிமையாளரிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது: ‘சாலை வேலை முடியும்வரை மாதம் 2,500 பவுண்டு கொடுத்தால் போதும்.’ அவர் கடையைக் காலி செய்யாமல் இருந்துவிடுகிறார். 14 மாதத்தில் வேலை முடிகிறது, கூட்டம் திரும்புகிறது. ஆனால் அடுத்த 4 மாதமும் அவர் 2,500-ஐயே கட்டிவருகிறார். பிறகு உரிமையாளர் வக்கீல் நோட்டீஸ் விடுகிறார்: 18 மாதமும் குறைத்துக் கொடுத்த தொகை மொத்தம் 27,000 பவுண்டு, உடனே கட்டு, இனி முழு வாடகை.

சட்டக் கல்லூரித் தேர்வுகளில் வரும் பாணியில் அமைந்த கற்பனைக் கேள்வி இது. ஆனால் இதற்கு விடை தரும் வழக்குகள் எல்லாம் உண்மையானவை.

முதலில் பார்க்க வேண்டியது, அந்த மின்னஞ்சல் ஒப்பந்தமாகுமா என்பது. ஆங்கிலச் சட்டத்தில் சும்மா கொடுத்த வாக்குறுதி கட்டுப்படுத்தாது. வாக்குறுதி பெற்றவர் பதிலுக்கு ஏதாவது தந்திருக்க வேண்டும். அதைத்தான் மறுபயன் என்கிறார்கள். இங்கே கடைக்காரப் பெண் பதிலுக்கு என்ன தந்தார்? 4,000 கொடுக்கக் கடமைப்பட்டவர் 2,500 கொடுத்தார். ஏற்கெனவே பட்ட கடனில் ஒரு பகுதியைக் கட்டுவது புதிதாக எதையும் தருவது ஆகாது என்பது அங்கே நானூறு ஆண்டுக்கும் மேலான விதி. 1602-இல் வந்த பின்னல் வழக்கில் இது வேரூன்றியது.

இந்த விதி எவ்வளவு கறாரானது என்பதை 1884-இல் பிரபுக்கள் சபை தீர்த்த ஃபோக்ஸ் எதிர் பீர் வழக்கு காட்டுகிறது. டாக்டர் ஃபோக்ஸ் என்பவர் தீர்ப்பின்படி திருமதி பீருக்கு 2,090 பவுண்டு சொச்சம் தர வேண்டும். உடனே 500, மீதியை ஆறு மாதத்துக்கு 150 வீதம் கட்டினால் மேற்கொண்டு நடவடிக்கை எடுக்க மாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்தார். டாக்டர் சொன்னபடி முழுவதையும் கட்டி முடித்தார். அதன் பிறகு திருமதி பீர் வட்டியாக 360 பவுண்டு கேட்டார். வட்டி கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பானது.

பழைய விதியிலேயே ஒரு சந்து உண்டு. பணத்தைத் தவணைக்கு முன்பே கட்டினாலோ, கேட்ட வேறிடத்தில் கட்டினாலோ, பணத்தோடு ஒரு குதிரையையோ அங்கியையோ சேர்த்துக் கொடுத்தாலோ அது மறுபயன் ஆகிவிடும். நம் கடைக்காரரிடம் உரிமையாளர் ‘ஒன்றாம் தேதிக்குப் பதிலாக முந்தின மாதம் 25-ஆம் தேதியே கட்டிவிடு’ என்று கேட்டு, அவரும் அப்படியே கட்டியிருந்தால், குறைந்த வாடகை ஒப்பந்தமாகவே நின்றிருக்கும். கேள்வியில் அப்படி எதுவும் இல்லை.

வேறொரு வாதமும் உண்டு: கடை காலியாகாமல் இருந்ததே உரிமையாளருக்கு லாபம்தானே? வேலையை முடித்துத் தருபவருக்குக் கூடுதல் பணம் தர ஒப்புக்கொண்ட வழக்கில், இத்தகைய நடைமுறைப் பயனே மறுபயன் ஆகும் என்று 1989-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஆனால் கடனைக் குறைத்துக்கொள்ளும் விஷயத்துக்கு அதை நீட்ட அதே நீதிமன்றம் பின்னர் மறுத்தது. 2016-இல் ஓர் அலுவலக இட வாடகை வழக்கில் நீட்டியது. அது உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, 2018-இல் நீதிபதிகள் வேறொரு காரணத்தை வைத்துத் தீர்த்துவிட்டு, ஃபோக்ஸ் வழக்கின் கதியைத் தொடாமல் விட்டார்கள். ஆகவே இந்த வாதத்தை மட்டும் நம்பி நீதிமன்றம் போவது ஆபத்து.

கடைக்காரருக்குக் கைகொடுப்பது இரண்டாவது வழி. அதன் பெயர் வாக்குறுதி முரண்தடை. வக்கீல்கள் பேச்சில் ‘ப்ராமிசரி எஸ்டாப்பல்’. ஒருவர் தன் சட்ட உரிமையை வற்புறுத்த மாட்டேன் என்று தெளிவாக வாக்குக் கொடுத்து, எதிராளி அதை நம்பி நடந்த பிறகு, அந்த வாக்குக்கு முரணாகப் பேசுவதை நியாயம் தடுக்கும்.

இதன் புகழ்பெற்ற வழக்கு ஹை ட்ரீஸ். லண்டனின் கிளாபம் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை ஒரு நிறுவனம் 1937-இல் ஆண்டுக்கு 2,500 பவுண்டுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. போர் வந்தது, நகரத்தில் குடியிருக்க ஆளில்லை. 1940 ஜனவரியில் உரிமையாளர் வாடகையை 1,250 ஆகக் குறைப்பதாக எழுதிக் கொடுத்தார். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதவில்லை. 1945 தொடக்கத்தில் வீடுகள் எல்லாம் நிரம்பிவிட்டன. அந்தச் செப்டம்பரில், உரிமையாளர் தரப்பில் பொறுப்பேற்றிருந்த ரிசீவர் முழு வாடகையும் பழைய பாக்கி 7,916 பவுண்டும் கேட்டார். ஆனால் சோதனைக்காக 1945-இன் கடைசி இரண்டு காலாண்டுகளுக்கு உரிய 625 பவுண்டுக்கு மட்டும் வழக்குப் போட்டார்.

நீதிபதி டென்னிங் அந்த 625-ஐக் கொடுக்கச் சொன்னார். குறைப்பு போர்க்காலத்தில் வீடுகள் காலியாகக் கிடந்த நிலைக்கு மட்டும் உரியது, அந்த நிலை 1945 தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது என்றார். கூடவே, போர்க்காலப் பாக்கியைக் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது என்றும் சொன்னார். வழக்கின் முடிவுக்குத் தேவைப்படாத இந்த இரண்டாவது கருத்துதான் பின்னால் சட்டமாக வளர்ந்தது.

இதை நம் கேள்வியில் பொருத்தலாம். மின்னஞ்சலில் தொகையும் காலமும் தெளிவாக இருக்கின்றன. கடைக்காரர் அதை நம்பி, வெளியேறும் வாய்ப்பைக் கைவிட்டார். அவர் உரிமையாளரை நெருக்கவோ மிரட்டவோ இல்லை. இந்தக் கடைசி விவரம் முக்கியம். 1965-இல் தீர்ப்பான ஒரு வழக்கில், 482 பவுண்டு பாக்கி வைத்திருந்தவர் தரப்பு, பணமுடையில் தவித்த சிறிய கட்டட நிறுவனத்திடம் ‘300 தருகிறோம், இல்லையென்றால் ஒன்றும் கிடையாது’ என்று நெருக்கியது. நெருக்கிப் பெற்ற வாக்குக்கு நியாயத்தின் பாதுகாப்பு இல்லை என்று அதே டென்னிங் மீதியைக் கட்ட வைத்தார்.

கடைக்காரர் இங்கே வழக்குப் போடவில்லை. தன்மேல் வந்த கோரிக்கையைத் தடுக்கிறார். அதுவும் அவருக்குச் சாதகம். ஏனென்றால் ஆங்கிலச் சட்டத்தில் முரண்தடை கேடயம் மட்டுமே, அதை வாளாக வீச முடியாது என்று 1951-இல் ஒரு தம்பதி வழக்கில் முடிவானது.

ஆகவே விடை இரண்டாகப் பிரிகிறது. சாலை வேலை நடந்த 14 மாதத்துக்கு உரிய 21,000 பவுண்டை உரிமையாளர் கேட்க முடியாது. வேலை முடிந்ததுமே வாக்குறுதியின் எல்லையும் முடிந்துவிட்டது. ஆகவே அடுத்த 4 மாதத்துக்கான 6,000 பவுண்டைக் கடைக்காரர் கொடுக்க வேண்டும், இனி மாதம் 4,000. மின்னஞ்சலில் கால வரம்பே இல்லாமல், சூழ்நிலையிலிருந்தும் அதை ஊகிக்க வழியில்லாமல் இருந்திருந்தால், போதிய அவகாசம் தந்து நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் முழு வாடகைக்குத் திரும்பியிருக்க முடியும்.

இதே தகராறு சென்னையில் வந்தால் பாதை வேறு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, தனக்கு வர வேண்டியதை ஒருவர் முழுவதுமாகவோ பகுதியாகவோ விட்டுக்கொடுக்கலாம் என்கிறது. அதற்கு மறுபயன் வேண்டியதில்லை. 5,000 ரூபாய் கடனுக்கு 2,000 ரூபாயை முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டால் கடன் தீர்ந்தது என்று சட்டமே உதாரணம் தருகிறது. திருமதி பீர் இங்கே வட்டி கேட்டிருந்தால் தோற்றிருப்பார். ஆனால் பதிவு செய்த குத்தகைப் பத்திரத்தின் விதியைப் பின்னால் வாய்ப்பேச்சில் மாற்றிக்கொண்டதாகச் சொல்ல இந்தியாவின் சாட்சிய விதிகள் இடம் தருவதில்லை. வாடகைக் குறைப்பை எவ்வளவு தொகை, எந்த மாதம் முதல், எதுவரை என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, தேவையானால் பதிவும் செய்துகொள்வது அதனால்தான்.