ஒரு மாதம் தாண்டிய வயிற்றுப்போக்கு: எந்தப் பரிசோதனை முதலில்?

நாலைந்து நாளில் நின்றுவிடும் பேதிக்குப் பெரும்பாலும் கெட்டுப்போன உணவும் தண்ணீரும்தான் காரணம். உப்பு-சர்க்கரைக் கரைசல் குடித்து ஓய்வெடுத்தால் அடங்கிவிடும். நான்கு வாரம் கடந்தும் நிற்காத பேதி அப்படியல்ல. அதற்குக் காரணத்தைத் தேடித்தான் ஆகவேண்டும். ஆனால் மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வரும் சில ஃபைல்களில் மாத்திரைச் சீட்டுகள் நிறைய இருக்கின்றன. ஒரு மலப் பரிசோதனை ரிப்போர்ட்கூட இருப்பதில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்யும் 42 வயதுள்ள ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஆறு வாரமாக தினமும் நாலைந்து முறை போகிறது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரை போட்டால் இரண்டு நாள் நிற்கிறது, பிறகு மறுபடி தொடங்குகிறது. எடை 5 கிலோ குறைந்துவிட்டது.

டாக்டர் முதலில் கேள்விகள்தான் கேட்பார். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? ரத்தம், காய்ச்சல் உண்டா? பால் குடித்தால் அதிகமாகிறதா? என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள்? சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மினே சிலருக்குப் பேதியை உண்டாக்கும். அப்படியானால் டாக்டர் மாத்திரையை மாற்றிப் பார்ப்பார். நாமாக நிறுத்தக் கூடாது. இரவில் எழுப்புவதும், எடை குறைவதும், ரத்தம் போவதும் வெறும் 'குடல் பதற்றம்' என்று விட்டுவிடக்கூடிய அறிகுறிகள் அல்ல.

அடுத்தது மலப் பரிசோதனை. ஜியார்டியா, அமீபா போன்ற கிருமிகள் எல்லா நாளும் மலத்தில் வெளிப்படுவதில்லை. அதனால் வெவ்வேறு நாட்களில் மூன்று முறை கேட்பார்கள். சிறுநீரும் தண்ணீரும் கலக்காமல், லேப் தரும் டப்பாவில் எடுத்துத் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே மெட்ரோனிடசோல் சாப்பிட்டிருந்தால் கிருமி இருந்தும் தெரியாமல் போகலாம். அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கால்ப்ரோடெக்டின் என்ற மலப் பரிசோதனையும் உண்டு. அது அதிகமாக இருந்தால் குடலில் அழற்சி இருக்கலாம் என்று பொருள். என்ன நோய் என்பதை அது சொல்லாது.

கூடவே ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஈ.எஸ்.ஆர்., சர்க்கரை, தைராய்டு, எச்.ஐ.வி. ஆகியவற்றையும், கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கான டெஸ்டையும் பார்ப்பார்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலே பேதி வரும். காரணம் இங்கேயே தெரிந்துவிட்டால் பலருக்கு ஸ்கோப் தேவைப்படாது.

நம் உதாரணத்தில் கிருமி இல்லை; கால்ப்ரோடெக்டினும் ஈ.எஸ்.ஆரும் அதிகம், ரத்தம் குறைவு. எனவே அடுத்தது கொலோனோஸ்கோபி. முந்தைய நாள் மருந்துத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, தெளிந்த தண்ணீராகப் போகும்வரை குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். சுத்தம் போதாவிட்டால் புண் கண்ணில் படாமல் போகும். ரமளானில் இது வந்தால் அந்த நோன்பைப் பிறகு களா செய்துகொள்ளலாம். பெண்கள் கூச்சத்தால் தள்ளிப்போட வேண்டாம். பெண் மருத்துவரோ நர்ஸோ வேண்டும் என்று முன்பே கேளுங்கள்.

குடல் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் சிறு சதைத் துணுக்குகள் எடுத்துப் பார்ப்பது அவசியம். மைக்ரோஸ்கோப்பில் மட்டுமே தெரியும் அழற்சியும் உண்டு. தேவைப்பட்டால் வாய் வழி எண்டோஸ்கோபியில் சிறுகுடலிலிருந்தும் எடுப்பார்கள். 1960களில் வேலூர்ப் பகுதிக் கிராமங்களில் பரவிய 'ஸ்ப்ரூ' என்ற நீண்டநாள் பேதியை சி.எம்.சி. மருத்துவர்கள் ஆராய்ந்தபோதும் சிறுகுடல் துணுக்குகள் முக்கியச் சான்றாக இருந்தன.

நம் உதாரணத்தில் சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் புண் தெரிகிறது. அது குடல் டி.பி.யாக இருக்கலாம், கிரோன்ஸ் நோயாகவும் இருக்கலாம். இரண்டும் ஸ்கோப்பில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஆனால் கிரோன்ஸுக்குத் தரும் ஸ்டீராய்டை டி.பி. உள்ளவருக்குக் கொடுத்தால் டி.பி. பரவிவிடும். அதனால்தான் துணுக்கை நோய்க்கூறு பரிசோதனைக்கும் ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் கல்ச்சருக்கும் அனுப்புகிறார்கள். கல்ச்சர் முடிவுக்குச் சில வாரங்கள் ஆகும். ஜீன்எக்ஸ்பர்ட் நெகட்டிவ் என்பதால் மட்டும் டி.பி. இல்லை என்றாகிவிடாது. சந்தேகம் நீடித்தால் டி.பி. மருந்தைத் தொடங்கி, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கோப் பார்ப்பதுண்டு. புண் ஆறியிருந்தால் ஆறு மாதக் கோர்ஸை முடிக்க வேண்டும். ஆறவில்லை என்றால் கிரோன்ஸ் அல்லது மருந்துக்கு அடங்காத டி.பி. என்று யோசிப்பார்கள். அந்த இரண்டாவது ஸ்கோப்பைத் தவறவிடக் கூடாது.

டி.பி. மருந்து அரசில் இலவசம். ஸ்டான்லியிலும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் குடல்நோய்ப் பிரிவு உள்ளது. போகும்போது பழைய ரிப்போர்ட்களையும் சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.