வாடாமல்லி நிறத்துக்கு மாறிய படங்கள்

1970களிலும் 80களின் தொடக்கத்திலும் எடுத்த கலர் படங்களின் ஆல்பத்தைத் திறந்தால் பல வீடுகளில் ஒரே காட்சிதான். மணமேடை, மாலை, முகங்கள், பின்னால் இருக்கும் சுவர் எல்லாமே வாடாமல்லி நிறத்தில் மூழ்கிக் கிடக்கும். கறுப்பாக இருக்க வேண்டிய கூந்தல் கருஞ்சிவப்பாகத் தெரியும். பச்சைப் பட்டு எந்த நிறம் என்றே சொல்ல முடியாது. வெயில் படாமல் பீரோவுக்குள் பத்திரப்படுத்திய ஆல்பமும் இதற்குத் தப்புவதில்லை.

படத்தின் மேல் ஏதோ ஒரு சிவப்பு படிந்துவிட்டதாகத்தான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். நடந்தது நேர்மாறு. எந்த நிறமும் வந்து சேரவில்லை. இருந்த நிறங்களில் இரண்டு போய்விட்டன. இதைப் புரிந்துகொண்டால்தான் படத்தைச் சரிசெய்யும் வழி பிடிபடும்.

கலர் பிரிண்ட் காகிதத்தில் மூன்று சாயங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நீலமும் பச்சையும் கலந்தாற்போன்ற சயான், வாடாமல்லி நிறமான மெஜந்தா, மஞ்சள். மூன்றும் அடர்த்தியாகச் சேரும் இடம் கறுப்பு, மூன்றும் இல்லாத இடம் காகிதத்தின் வெள்ளை. அந்தக் காலத்துக் காகிதங்கள் பலவற்றில் சயான் சாயம் இருட்டிலேயே சிதையக்கூடியது. மஞ்சளும் அதைத் தொடர்ந்து மெல்ல மங்கும். வெப்பமும் ஈரப்பதமும் இந்தச் சிதைவை வேகப்படுத்தும் என்பதால் நம் ஊர்ப் படங்களுக்குக் கூடுதல் அடி. மெஜந்தா மட்டும் இருட்டில் உறுதியாக நிற்கும். மற்ற இரண்டும் விலக விலக, அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரிகிறது. பழைய ஈஸ்ட்மென் கலர் சினிமாப் பிரதிகள் இளஞ்சிவப்பாகிப் போனதும் இதே வகைச் சிதைவினால்தான்.

ஆகவே மெஜந்தாவைக் குறைப்பது சிகிச்சை அல்ல. போனில் இருக்கும் நிறச்சாயல் பட்டையைப் பச்சைப் பக்கம் இழுத்துப் பாருங்கள். வெள்ளை வேட்டி பச்சையடிக்கும், கூந்தல் அப்போதும் சிவந்தே இருக்கும். காரணம், சாயம் எங்கே நிறைய இருந்ததோ அங்கேதான் இழப்பும் நிறைய. கறுப்பான இடங்கள் மிகவும் சிவந்திருக்கும், வெள்ளையான இடங்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இருளுக்கு ஒரு அளவு, நடுத்தர வெளிச்சத்துக்கு ஒரு அளவு, வெள்ளைக்கு ஒரு அளவு என்று திருத்தம் மாறவேண்டும். அதையும் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் செய்யவேண்டும். இதைச் செய்யும் கருவிதான் கர்வ்ஸ்.

வேலை ஸ்கேனரில் தொடங்குகிறது. ஸ்கேனர் மென்பொருளில் தானாக நிறம் திருத்தும் வசதிகள் அனைத்தையும் அணைத்துவிட வேண்டும். 600 பிபிஐ, ஒரு சேனலுக்கு 16 பிட், டிஃப் கோப்பு: இந்த மூன்றும் போதும். 16 பிட்டை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 8 பிட்டில் ஒரு சேனலுக்கு 256 படிகளே உள்ளன. மங்கிய படத்தில் சிவப்புச் சேனல் அதில் பாதியை மட்டுமே பயன்படுத்துகிறது. அந்தப் பாதியை முழு அகலத்துக்கு விரிக்கும்போது படிகளுக்கு இடையே இடைவெளி விழுந்து, சுவரிலும் வானத்திலும் பட்டை பட்டையாகத் தெரியும். 16 பிட்டில் படிகள் 65,536 என்பதால் எவ்வளவு விரித்தாலும் தாங்கும்.

ஸ்கேன் செய்த படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்கள் இருக்கும். சயான் சாயம் சிவப்பு ஒளியை விழுங்கக்கூடியது. அதனால் சயான் எங்கே எவ்வளவு மிச்சமிருக்கிறது என்ற கணக்கு சிவப்புச் சேனலில் பதிவாகியிருக்கும். அதேபோல மெஜந்தாவின் கணக்கு பச்சைச் சேனலில், மஞ்சளின் கணக்கு நீலச் சேனலில். ஒவ்வொன்றையும் தனியாகக் கறுப்பு வெள்ளையில் திறந்து பாருங்கள். சிவப்புச் சேனல் வெளிறிப்போய் இருக்கும், நீலமும் கிட்டத்தட்ட அப்படியே. பச்சைச் சேனல் மட்டும் நல்ல கறுப்பும் வெள்ளையுமாக, நேற்றுப் போட்ட பிரிண்ட் போலத் தெளிவாக இருக்கும். அதுதான் நமக்கு அளவுகோல். மற்ற இரண்டையும் அதன் உயரத்துக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது.

வீட்டு வாசலில் எடுத்த ஒரு குடும்பப் படத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். வெள்ளை வேட்டியில் அப்பா, பச்சைப் புடவையில் அம்மா, கீழே சிமெண்டுத் தரை. நிறமே இல்லாதவை என்று உறுதியாகத் தெரிந்த மூன்று இடங்களை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும்: ஒரு கறுப்பு, ஒரு சாம்பல், ஒரு வெள்ளை. இங்கே அவை கூந்தலின் மிக அடர்ந்த நிழல், சிமெண்டுத் தரை, வெயில் படும் வேட்டி மடிப்பு. தரையில் ரெட் ஆக்சைடு போட்டிருந்தால் அதை நம்பக்கூடாது, வேறு சாம்பல் தேடவேண்டும்.

ஃபோட்டோஷாப்பில் Color Sampler கருவியை எடுத்து, Sample Size என்ற இடத்தில் 5 by 5 Average என்று வைத்து மூன்று இடங்களிலும் ஒவ்வொரு புள்ளி இட்டால், Info பலகத்தில் எண்கள் வரும். நம் படத்தில் கூந்தல் சிவப்பு 118, பச்சை 30, நீலம் 92. தரை 192, 120, 163. வேட்டி 242, 232, 214. நிறமற்ற பொருளில் மூன்று எண்களும் சமமாக இருக்கவேண்டும். கூந்தலில் 88 வரை வித்தியாசம், வேட்டியில் 28 மட்டுமே. வேட்டியில் நீலம் தாழ்ந்திருப்பது காகிதம் சற்று மஞ்சளித்துவிட்டதைக் காட்டுகிறது.

இனி Layer > New Adjustment Layer > Curves. மூலைக்கு மூலை ஒரு நேர்கோடு வரும். இடப்பக்கம் இருள், வலப்பக்கம் வெளிச்சம். மேலே RGB என்று இருப்பதை Green ஆக்கிவிட்டு, கோட்டின் மேல் இரண்டு புள்ளிகள் வைக்கலாம். ஒரு புள்ளியில் Input 30, Output 20. மற்றதில் Input 232, Output 242. பச்சைக்கு இந்தச் சிறு தட்டலே போதும். இதன்பின் தரையின் பச்சை 119 ஆகும்.

அடுத்து Red. கூந்தல் புள்ளியில் 118 இருந்த இடத்தை 20க்கு இறக்க வேண்டும், 242 அப்படியே நிற்கட்டும். Blue சேனலில் 92 இருந்தது 20 ஆகவேண்டும், 214 இருந்தது 242 ஆகவேண்டும். இந்தக் கணத்தில் திரையைப் பார்ப்பவருக்கு மனம் நிறையும். கூந்தல் கறுத்து, வேட்டி வெளுத்து, புடவையில் பச்சை எட்டிப் பார்க்கும். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தானியங்கிப் பொத்தான்களும் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றன.

ஆனால் தரையைப் பாருங்கள். அது இப்போது ஏறக்குறைய 152, 119, 149 என்று காட்டும். இன்னும் மெஜந்தாதான். இரு முனைகளும் சரியாகியும் நடுப்பகுதி சரியாகாததற்குச் சாயம் மங்கும் விதமே காரணம். எல்லா இடத்திலும் ஒரே அளவு போவதில்லை, இருந்ததில் இத்தனை பங்கு என்ற விகிதத்தில் போகிறது. அந்த இழப்பை ஈடுகட்டும் கோடு நேராக இருக்க முடியாது, நடுவில் கீழ்நோக்கித் தொய்ந்திருக்க வேண்டும். ஆகவே Red கோட்டில் Input 192க்கு ஒரு புள்ளி வைத்து அதை 119க்கு இறக்குகிறோம். Blue கோட்டில் Input 163ஐயும் 119க்கு இறக்குகிறோம். இப்போது தரை சாம்பல். முகங்களிலும் சுவரிலும் மிச்சமிருந்த சிவப்பும் கூடவே அடங்கிவிடும்.

கிம்ப் மென்பொருளில் இதையே Colors > Curves என்ற இடத்தில் Channel மாற்றி மாற்றிச் செய்யலாம்.

எண்கள் அச்சு அசலாகச் சமமாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. சொட்டு நீலம் போட்டுத் துவைத்த வேட்டியில் நீலம் இரண்டு மூன்று எண் கூடுதலாக இருப்பது இயல்பு. மாலை வெயிலில் எடுத்த படம் பொன்னிறமாகத்தான் இருந்திருக்கும், அதைச் சாம்பலாக்கினால் அந்த மாலையே போய்விடும். தோலின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சிவப்பு எண் உச்சம், அடுத்தது பச்சை, கடைசியில் நீலம் என்ற வரிசை எந்தத் தோலுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் மேல்நாட்டுக் கையேடுகளில் வெள்ளைத் தோலுக்குக் கொடுத்திருக்கும் எண்களை நம்மவர்கள் முகத்துக்குப் போட்டு வெளிற வைப்பதை நான் ஏற்கமாட்டேன். மாநிறமும் கறுப்பும் இருந்தபடியே திரும்பி வரவேண்டும்.

அளவு மீறினால் படமே காட்டிக்கொடுத்துவிடும். சிவப்புக் கோட்டை அதிகம் இறக்கிவிட்டால் கூந்தலின் நிழல் நீலப்பச்சையாகும், கண்ணின் வெள்ளை குளிர்ந்துபோகும். நீலத்தை அதிகம் இறக்கினால் வேட்டி நிழலில் மஞ்சள் கட்டும். படத்துக்குள் இருக்கும் கறுப்பை விட்டுவிட்டு, ஆல்பத்தின் கறுப்பு மூலையையோ தூசியையோ ஆதாரமாகக் கொண்டால் எல்லாக் கணக்கும் தப்பும். அதனால் ஓரத்தை முதலிலேயே வெட்டிவிடுவது நல்லது.

இவ்வளவு விரிக்கும்போது காகிதத்தின் சொரசொரப்பும் ஸ்கேனரின் இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகும். சிவப்பு, நீலம் இரண்டு சேனல்களில்தான் இது நடக்கும். அந்த இரண்டை மட்டும் மெல்ல மழுங்கடித்தால் போதும். கண் நுணுக்கத்தை முக்கியமாகப் பச்சைச் சேனலிலிருந்து எடுத்துக்கொள்வதால், முகத்தின் கூர்மை பெரிதாகக் குறையாது.

சில படங்கள் ஒரு கர்வில் அடங்காது. ஒட்டும் பக்க ஆல்பங்களில் இருந்தவற்றில் பசைக் கோடுகளின் வரிசையில் நிறம் வேறுபட்டிருக்கும். ஃபிரேமின் விளிம்பு மூடிய இடம் ஒரு மாதிரியும் நடுப்பகுதி வேறு மாதிரியும் மங்கியிருக்கும். அங்கே இரண்டாவதாக ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, அதன் மாஸ்க்கில் தேவையான பகுதியை மட்டும் திறந்துவிட வேண்டும். கடினமான வேலைதான், ஆனால் முடியும்.

முடியாதது ஒன்று உண்டு. புடவைப் பச்சை என்பது சயானும் மஞ்சளும் சேர்ந்தது, அதாவது போய்விட்ட அதே இரண்டு சாயங்கள். அவை கொஞ்சமாவது மிச்சமிருந்தால் கர்வ்ஸ் அதைப் பெருக்கித் தரும், சாச்சுரேஷனைச் சற்று ஏற்றினால் இன்னும் தேறும். சிவப்புச் சேனலில் புடவையின் மடிப்புகளே தெரியாமல் வெறும் வெளுப்பாக இருந்தால், அங்கே பெருக்குவதற்கு எதுவுமில்லை. அதன் மேல் பச்சை பூசுவது மீட்பு அல்ல, புதிதாக வரைவது. ஸ்டூடியோவில் நெகட்டிவ் கிடைக்குமா என்று தேடுவதுதான் அப்போது செய்யவேண்டியது. அது வேறொரு பொருளில் செய்த வேறொரு சாயப் பதிவு என்பதால், பிரிண்டில் அழிந்த பச்சை நெகட்டிவில் இன்னும் தங்கியிருக்க வாய்ப்புண்டு.