வீட்டைக் காலி பண்றீங்களா? வாடகை டிடிஎஸ் கட்ட மார்ச் வரை காத்திருக்காதீங்க!

மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால், வாடகைதாரரே 2% வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். சம்பளக்காரர்களுக்கும் இது பொருந்தும். மாதாமாதம் பிடிக்கத் தேவையில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, மார்ச் மாத வாடகையில் பிடித்தால் போதும். பலருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். ஆனால், இடையில் வீடு மாறினால் மார்ச் கணக்கு செல்லாது. காலி செய்யும் மாதமே கடைசி மாதம்.

ஒரு கணக்கு

சென்னையில் ஒருவர் 2025 ஏப்ரலில் 60,000 ரூபாய் வாடகைக்குக் குடியேறி, நவம்பர் இறுதியில் காலி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மாத வாடகை 4,80,000 ரூபாய். அதில் 2% என்றால் 9,600 ரூபாய். நவம்பர் 5-ம் தேதி வாடகை தரும்போது இதைக் கழித்துக்கொண்டு 50,400 ரூபாய் கொடுத்தால் சரி.

பிடித்த பணத்தை, அந்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். இங்கே கெடு டிசம்பர் 30. வருமான வரித் துறை இணையதளத்தில் e-Pay Tax பகுதிக்குப் போய் வாடகை டிடிஎஸ் படிவத்தைத் தேர்வு செய்யுங்கள். உங்கள் பான், ஓனரின் பான் இரண்டும் இருந்தால் போதும். டான் எண் வேண்டாம். ஓனரின் பான் எண்ணைச் சரிபார்த்துப் போடுங்கள். தப்பாகப் போட்டால் பணம் அவர் கணக்கில் சேராது. அடுத்த 15 நாளுக்குள் டிடிஎஸ் சான்றிதழை டிரேசஸ் தளத்தில் டவுன்லோடு செய்து அவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

லேட் ஆனால்?

அதே நபர் 2026 பிப்ரவரி 10-ல்தான் கட்டுகிறார் என்றால், தாமதம் 42 நாள். நாளுக்கு 200 ரூபாய் வீதம் கட்டணம் 8,400 ரூபாய். கூடவே, பிடித்த மாதத்திலிருந்து மாதம் 1.5% வட்டி. நான்கு மாதத்துக்கு 576 ரூபாய். ஆக, 9,600 ரூபாய் வரிக்கு 8,976 ரூபாய் தண்டம். தாமதக் கட்டணம் வரித் தொகையைத் தாண்டாது என்பதுதான் ஒரே ஆறுதல்.

அட்வான்ஸில் கழித்தால்?

"கடைசி மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கலாம்" என்பது இங்கே வழக்கம். அப்போது உங்கள் கையிலிருந்து வாடகை போவதில்லை. வரி ஞாபகமும் வராது. ஆனால், வரி பிடிக்கும் பொறுப்பு அப்படியேதான் இருக்கிறது. எனவே அட்வான்ஸ் கணக்கை முடிக்கும்போதே 9,600 ரூபாயைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். சாவியைக் கொடுத்த பிறகு கேட்டு வாங்குவது கஷ்டம்.

ஓனர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் இந்த 2% விதியே பொருந்தாது. 50,000 ரூபாய் வரம்பும் கிடையாது. அதற்கு விதிகள் வேறு. ஒப்பந்தம் போடும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.