முள்ளை முள்ளால் எடுக்க இயலுமா?

சம்பள நாளிலோ, பண்டிகை விருந்திலோ இரவு மது அருந்தியவர் மறுநாட் காலையில் தலை கனத்து, நா வறண்டு, குமட்டலோடு எழுவதுண்டு. அவ்வேளை நண்பர் ஒருவர், "இன்னும் ஒரு பெக் போட்டுக்கொள்ளும், முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும்" என்று யோசனை கூறுவார். அவ்வாறு அருந்தியதும் சற்றே சுகம் தோன்றுவது பொய்யன்று. ஆனால் அச்சுகம் எவ்வாறு உண்டாகிறது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

ஒருவர் இரவு 9 மணிக்குத் தொடங்கி, 30 மில்லி அளவுள்ள ஆறு பெக் விஸ்கி அருந்தினார் எனக் கொள்வோம். ஒரு பெக்கில் ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால் உண்டு. ஆக, மொத்தம் 60 கிராம். ஆளுக்கு ஆள் வேறுபடினும், கல்லீரல் மணிக்குச் சுமார் 7 அல்லது 8 கிராம்தான் எரித்துத் தீர்க்கும். எனவே விடியற்காலை 5 மணியளவில் ஆல்கஹால் அநேகமாகத் தீர்ந்துவிடும். அது தீரும் வேளையில்தான் வேதனை உச்சத்தை அடைகிறது.

6 மணிக்கு அவர் மேலும் இரண்டு பெக் அருந்தினால், இன்னுமொரு 20 கிராம் சேர்கிறது. மூளை மீண்டும் மந்தமடைவதால் வலி தெரிவதில்லை. அன்றியும், மதுவில் சிறிதளவு கலந்துள்ள மெதனால் என்னும் பொருள் உடலில் சிதைந்து நஞ்சாக மாறும். புதிய ஆல்கஹால் வந்ததும் கல்லீரல் அதையே முதலில் கவனிப்பதால், மெதனாலின் சிதைவு தாமதப்படுகிறது. தாமதமே தவிர, நிவாரணம் அன்று. அந்த 20 கிராம் தீர ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். வீட்டில் தவிர்த்த தலைவலி, 9 மணிக்கு அலுவலகத்தில் வந்து சேரும். இரவு கெட்ட உறக்கமும், புண்பட்ட இரைப்பையும், உடல் இழந்த நீரும் இதனிடையே சீர்படுவதில்லை. மாறாக, இன்னும் கேடுறுகின்றன.

வீட்டிலுள்ளோர் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. என்றோ ஒரு நாள் குடித்தவரின் தலைப்பாரம், எதுவும் செய்யாவிடினும் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானே நீங்கும். நாள்தோறும் குடிப்பவருக்குக் காலையில் கைந்நடுக்கமும், வியர்வையும், படபடப்பும் கண்டு, ஒரு மடக்கு உள்ளே சென்றதும் அவை அடங்குமாயின், அது தலைப்பாரம் அன்று. உடல் மதுவுக்கு அடிமைப்பட்டதன் அறிகுறியாகும். அத்தகையவரை, "இன்றோடு நிறுத்து" என்று திடீரெனத் தடுப்பதும் ஆபத்தே. வலிப்பும் சித்தப் பிரமையும் ஏற்பட்டு உயிருக்கே இடர் நேரலாம். மருத்துவரின் மேற்பார்வையில் மருந்து கொடுத்தே நிறுத்த வேண்டும்.

மற்றவர்க்கு வேண்டுவன தண்ணீர், உப்பிட்ட கஞ்சி, உறக்கம் ஆகியவையே. தலைவலிக்கெனப் பாரசிட்டமால் விழுங்குவது களைத்த கல்லீரலுக்குச் சுமையாகலாம். ஆல்கஹாலை விரைவில் எரிக்கச் செய்யும் ஆற்றல் காப்பிக்கும் இல்லை, மோருக்கும் இல்லை; காலம் ஒன்றே அதைத் தீர்க்கும். காலையில் அருந்தும் பெக்கோ அக்காலத்தை மேலும் நீட்டுகிறது.